பருப்பில் 22, முட்டையில் 13 – குன்னூர் எலிகளிலிருந்து தொடங்கும் ஒரு கணக்கு



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு படம் சுற்றியது. ஒரு பக்கம் துவரம்பருப்பு, இன்னொரு பக்கம் முட்டை. "100 கிராம் பருப்பில் 22 கிராம் புரதம், 100 கிராம் முட்டையில் 13 கிராம்தான். பிறகு எதற்கு முட்டை?" என்று கீழே எழுதியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு என் தங்கை மகள் கேட்டாள்: "மாமா, பையனுக்கு முட்டை பிடிக்கவே மாட்டேங்குது. அப்போ சாம்பார் சாதமே போதும்னு விட்டுரலாமா?" போனில் இரண்டு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை இது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பிடுவதற்கு முன் சத்துணவை ருசி பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஆள் நான். அந்தத் தட்டைப் பற்றி எனக்கே பல வருடம் இருந்த சந்தேகம் இது. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

அந்தப் படத்தில் இருக்கும் இரண்டு எண்களும் பொய் இல்லை. ஆனால் 22 என்பது வேகாத பருப்பு 100 கிராமுக்கு. ஒரு பிள்ளை ஒரு வேளையில் 100 கிராம் பருப்பு சாப்பிடுவதில்லை. சத்துணவில் ஒரு பிள்ளைக்கு ஒதுக்கிய அளவு நான் வேலை பார்த்த காலத்தில் 100 கிராம் அரிசி, 15 கிராம் பருப்பு. அது முதல் விஷயம். அதைவிடப் பெரியது அடுத்தது. தட்டில் இருக்கும் புரதம் வேறு, உடம்பு எடுத்துக்கொள்ளும் புரதம் வேறு. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு நூறு வருடம் ஆனது. அதில் முக்கியமான இரண்டு கட்டங்கள் நமக்குப் பக்கத்திலேயே, குன்னூரிலும் பெங்களூரிலும் நடந்தவை.

முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் எலிகளை வைத்து உணவு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவர் செய்த ஒரு சோதனை உலகப் புகழ் பெற்றது, நமக்கு மட்டும் அது கொஞ்சம் சங்கடமானது. இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை அப்படியே சமைத்துத் தனித்தனி எலிக் கூட்டங்களுக்குப் போட்டார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது இறைச்சி என்ற சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் சராசரி 235 கிராம் வரை வளர்ந்தன. தீட்டிய அரிசியும் கொஞ்சம் பருப்பும் மிகக் குறைந்த பாலும் கொண்ட "மதராஸி" சாப்பாட்டைத் தின்றவை 155 கிராமில் நின்றுவிட்டன. வரிசையில் கடைசி நாம்தான்.

இதைப் படித்துவிட்டு அரிசியைக் குறை சொல்லக் கிளம்பியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் எடை போட்டால் எலி எவ்வளவு வளர்ந்தது என்று தெரியுமே தவிர, எதனால் வளரவில்லை என்று தெரியாது. அந்தத் தட்டில் வைட்டமினும் குறைவு, சுண்ணாம்புச் சத்தும் குறைவு, புரதமும் குறைவு. எது எவ்வளவு தவறு செய்தது என்று பிரிக்க வேறு முறை வேண்டும்.

அந்த முறையை அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மிட்செல் 1924-இல் ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். யோசித்துப் பார்த்தால் மிக எளிய முறை. புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. எலி தின்ற தீனியில் எவ்வளவு நைட்ரஜன் என்று அளந்துகொள்ள வேண்டும். பிறகு அதன் புழுக்கையிலும் சிறுநீரிலும் எவ்வளவு வெளியேறுகிறது என்று தனித்தனியாக அளக்க வேண்டும். புழுக்கையில் போனது செரிக்காமல் குடல் வழியே போனது. சிறுநீரில் போனது செரித்து ரத்தத்துக்குள் வந்தும், உடம்பு கட்டப் பயன்படாமல் கழிந்தது. (தீனியில் புரதமே இல்லாவிட்டாலும் கொஞ்சம் நைட்ரஜன் வெளியேறும். அதைக் கழித்துவிடுவார்கள்.) ஆக ஓட்டை இரண்டு. பானையில் ஊற்றும் தண்ணீர் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, மீதிதான் நமக்கு.

முதல் ஓட்டை எல்லோருக்கும் புரியும். இரண்டாவதை எட்டாம் வகுப்பில் நான் எழுத்துக் கட்டைகளை வைத்துத்தான் சொல்வேன். சிலருக்கு நினைவிருக்கலாம். நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய சொல், எலுமிச்சை. பெட்டியில் எ 10, மி 10, ச் 10, சை 10 இருக்கின்றன. லு மட்டும் 6 இருக்கிறது. எத்தனை எலுமிச்சை எழுதலாம்? ஆறு. மீதி எழுத்துகள் எத்தனை இருந்தும் ஏழாவது சொல் வராது. புரதமும் அப்படித்தான். அது 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்த சரம். அதில் 9 வகையை நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். அந்த ஒன்பதில் எது குறைவோ அது நிற்கும் இடத்தில் வேலை நின்றுவிடும். மிஞ்சிய எழுத்துகளை உடம்பு சேமித்து வைப்பதில்லை. விறகாக எரித்துவிட்டு, நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரில் விட்டுவிடும். அரிசி, கோதுமை, சோளம் எல்லாவற்றிலும் அந்தக் குறைந்த எழுத்து லைசின். பருப்பு வகைகளில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. 1914-இலேயே ஆஸ்போர்னும் மெண்டலும் மக்காச்சோளத்தின் ஸீன் என்ற புரதத்தை மட்டும் எலிக்குக் கொடுத்து இதைக் காட்டியிருந்தார்கள். ஸீனில் டிரிப்டோபானும் இல்லை, லைசினும் இல்லை. எலி இளைத்தது. டிரிப்டோபான் சேர்த்ததும் இளைப்பது நின்றது. லைசினும் சேர்த்த பிறகுதான் வளர்ந்தது.

குன்னூரில் 1935-இல் மெக்காரிசன் ஓய்வு பெற்று அய்க்ராய்ட் பொறுப்புக்கு வந்தார். அந்தக் காலத்தில் எம். சுவாமிநாதன் என்ற ஆராய்ச்சியாளர் நம் அரிசியையும் பருப்புகளையும் மிட்செல் முறையில் எலிகளிடம் அளந்தார். இந்த வகை அளவுகளில் வந்த முடிவு பலருக்கு ஆச்சரியம். புரத அளவில் கடைசியில் இருந்த அரிசி, புரதத்தின் தரத்தில் பருப்பை முந்தியது. 155 கிராம் எலியின் அவமானத்துக்குப் பிறகு அரிசிக்குக் கிடைத்த நற்சான்று என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் எலி நம் கணக்கில் ஒரு தப்பும் செய்தது. அதன் உடம்பெல்லாம் முடி. முடி வளர மெத்தியோனின் போன்ற கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் நிறைய வேண்டும். பருப்பில் குறைவாக இருப்பதே அதுதான். அதனால் எலியின் பார்வையில் பருப்பு உள்ளதைவிட மட்டமாகத் தெரிந்தது. மனிதனுக்கு அவ்வளவு தேவையில்லை. எலிக் கணக்கை மனிதனுக்கு அப்படியே போட்டால் பருப்புக்கு அநியாயம் என்று உணர, அடுத்து மனிதனிடமே அளக்க வேண்டியிருந்தது.

அங்கே எதிர்ப்பக்கத் தப்பு நடந்தது. இல்லினாயில் வில்லியம் ரோஸ் 1940களிலும் 50களிலும் தன் மாணவர்களுக்கு அமினோ அமிலங்களைத் தனித்தனியாகக் கலந்த சாப்பாட்டைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் குறைத்துக்கொண்டே வந்து, எந்த அளவில் உடம்பு நைட்ரஜனை இழக்க ஆரம்பிக்கிறது என்று பார்த்தார். லைசின் நாளைக்கு 0.8 கிராம் போதும் என்றார். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 12 மில்லிகிராம். ஐ.நா. அமைப்புகளின் 1985 அறிக்கையிலும் பெரியவர்களுக்கு அதே 12-தான். அந்த அளவை வைத்துப் பார்த்தால் வெறும் சோறு தின்றாலே லைசின் மிஞ்சும்! பெரியவர்களுக்குப் புரதத் தரம் ஒரு பொருட்டே இல்லை என்று பாடப் புத்தகங்களே எழுதின. ஆனால் ரோஸ் தன் மாணவர்களுக்கு மாவும் எண்ணெயுமாகக் கலோரியை அள்ளிக் கொடுத்திருந்தார். கலோரி அதிகமானால் உடம்பு புரதத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும். வியர்வையிலும் தோலிலும் போகும் நைட்ரஜனும் கணக்கில் சரியாக வரவில்லை.

இடையில் நம் நாட்டில் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. 1960களில் "புரதப் பஞ்சம் வருகிறது" என்று உலகம் முழுக்கப் பேச்சு. மத்திய அரசின் மாடர்ன் ரொட்டியில்கூட லைசின் சேர்த்தார்கள். குன்னூர் ஆய்வகம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறியிருந்தது. அதன் இயக்குநர் சி. கோபாலன், நம் பிள்ளைகளுக்கு முதலில் குறைவது வயிறு நிறைய சாப்பாடுதான் என்று வாதாடினார். அரிசியும் பருப்பும் போதுமான அளவு கிடைத்தால் புரதம் தானே வந்துவிடும், அரை வயிற்றுக்குப் புரத மாவு கொடுத்தால் உடம்பு அதையும் விறகாகத்தான் எரிக்கும் என்பது அவர் கட்சி. அன்றைய நிலையில் அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வாதம் வென்றதில் ஒரு பக்க விளைவு உண்டு. அடுத்த முப்பது வருடம் புரதத் தரத்தைப் பற்றிப் பேசினாலே பழைய கதை என்று ஒதுக்கினார்கள்.

அந்தக் கதவைத் திரும்பத் திறந்தது பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி. அங்கே அனுரா குர்பாத், அமெரிக்காவின் வெர்னன் யங்குடன் சேர்ந்து இந்திய ஆண்களிடமே லைசின் தேவையை அளந்தார். சிறுநீரில் நைட்ரஜன் பார்க்கும் பழைய முறை இல்லை. அடையாளம் போட்ட கார்பன் உள்ள லூசினைக் கொடுத்து, 24 மணி நேரமும் மூச்சுக் காற்றைச் சேகரித்து, எவ்வளவு எரிந்து வெளியே வருகிறது என்று பார்த்தார்கள். லைசின் போதாவிட்டால் மற்ற எழுத்துகள் விறகாகும் என்றேன் அல்லவா, அந்தப் புகையையே பிடித்துவிட்டார்கள். விடை 12 இல்லை, ஏறக்குறைய 30. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அறிக்கை அந்த 30-ஐயே எடுத்துக்கொண்டது. நாள்பட்ட சத்துக் குறைவுள்ள ஆண்களிடம் தேவை இன்னும் அதிகம். அதில் ஒரு பங்கு குடற்புழுவால் என்பதும் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் பூச்சி மாத்திரை கொடுக்கும்போது "கசக்குது சார்" என்று முகம் சுளித்தவர்கள் இதைக் கவனிக்கவும்.

அடுத்து முதல் ஓட்டை, அதாவது செரிமானம். பயறு வளரும்போது கன நீர் ஊற்றினார்கள். சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டிரியம் உள்ள தண்ணீர் அது. பயறின் புரதத்திலேயே அந்த அடையாளம் ஏறிவிடும். அதைச் சமைத்து மனிதர்களுக்குக் கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்தார்கள். பெங்களூரில் இப்படி அளந்ததில் தோலோடு இருந்த பாசிப்பயறின் அமினோ அமிலங்களில் 100-க்கு ஏறக்குறைய 63-தான் உள்ளே போனது. தோல் நீக்கினால் 71. கொண்டைக்கடலை 75 அளவு. சிறு பிள்ளைகளிடம் அரிசி 78. முட்டை 90-க்குப் பக்கம்.

தோலில் துவர்ப்புக்குக் காரணமான டானின் இருக்கிறது, அது புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். பயறுக்குள் செரிமான நொதியையே தடுக்கும் பொருளும் இருக்கிறது. நன்றாக வேகவைத்தால் அதன் பலம் பெரும்பாலும் போய்விடும். பச்சை சோயாவில் எலி வளராது, வேகவைத்தால்தான் வளரும் என்று ஆஸ்போர்னும் மெண்டலும் 1917-இலேயே பார்த்தார்கள். பழைய பருப்பை வாங்கிவிட்டு விறகு மிச்சம் பிடிக்க அரைவேக்காட்டில் இறக்கினால், பிள்ளைக்கு வயிறு உப்புசம் மட்டும் இல்லை, புரதமும் நஷ்டம். விரலில் நசுக்கினால் நடுவில் கப்பி தட்டக் கூடாது. எங்கள் சத்துணவு ஆயாம்மா இந்த ஆராய்ச்சி எதையும் படிக்காமலே அதைச் செய்வார்.

இப்போது தட்டுக்கு வருவோம். காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரசம் சாதம். 100 கிராம் அரிசியில் புரதம் 8 கிராம். அரிசிப் புரதம் ஒரு கிராமுக்கு லைசின் ஏறக்குறைய 37 மில்லிகிராம், மொத்தம் 296. செரிப்பது 78 பங்கு, அதாவது 231. வளரும் பிள்ளைக்கு ஒரு கிராம் நல்ல புரதம் கட்ட 48 மில்லிகிராம் லைசின் வேண்டும் என்பது இன்றைய அளவுகோல். 231-ஐ 48-ஆல் வகுத்தால் 4.8. ஏட்டில் 8 கிராம், உடம்பில் 4.8.

அடுத்து அதே சோற்றில் 15 கிராம் துவரம்பருப்பு போட்ட சாம்பார். பருப்புப் புரதம் 3.3 கிராம், லைசின் கிராமுக்கு ஏறக்குறைய 66, மொத்தம் 218. துவரைக்கு நான் தோல் நீக்கிய பயறின் அளவையே சுற்றி 70 என்று எடுத்துக்கொள்கிறேன். 153 உள்ளே போகும். அரிசியின் 231-உடன் சேர்த்தால் 384. வகுத்தால் 8. ஏட்டில் 11.3, உடம்பில் 8. கவனியுங்கள்: 3.3 கிராம் பருப்புப் புரதம் சேர்த்ததற்குப் பயன் 3.2 கிராம் ஏறியிருக்கிறது. செரிமானத்தில் 30 பங்கு போன பிறகும் இப்படி ஏறக் காரணம், சோற்றில் லைசினுக்காகக் காத்துக் கிடந்த எழுத்துகளுக்குப் பருப்பு வேலை கொடுத்தது. பருப்பில் குறையும் மெத்தியோனினைச் சோறு கொடுக்கிறது. இட்லி மாவில் அரிசியும் உளுந்தும் செய்வதும் இதே வேலைதான்.

ஆனால் இது 15 கிராம் பருப்பும் தட்டுக்கு வந்தால்தான். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சில நாள் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கும். பெயரெல்லாம் வேண்டாம். 5 கிராம்தான் விழுந்தது என்று வைத்துப் போட்டுப் பாருங்கள், பயன் 5.9-க்கு இறங்கிவிடும். சாம்பார் என்ற பெயர் மாறாது, பிள்ளைகள் வயிறும் நிறைந்திருக்கும். அதனால் யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, சாம்பார் சாதத்தோடு ஒரு முட்டை. முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம், லைசின் தேவைக்கு மேலேயே இருக்கிறது. இப்போது லைசின் தட்டுப்பாடே போய்விடுகிறது, செரிமான நஷ்டம் மட்டும்தான் மிச்சம். ஏட்டில் 17.3, உடம்பில் ஏறக்குறைய 14. தமிழ்நாட்டில் காமராஜர் 1956-இல் மதிய உணவைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக விரித்தார். கலைஞர் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, 2010-இல் வாரம் ஐந்து நாளும் முட்டை என்று ஆனது. அரசியல் யார் பக்கம் என்று இங்கே சண்டை வேண்டாம், ஒவ்வொரு கட்டத்திலும் தட்டின் கணக்கு எவ்வளவு மாறியது என்பதை மேலே உள்ள மூன்று எண்களில் பாருங்கள்.

முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுப்போம். பழம் நல்லதுதான். ஆனால் அதில் புரதம் ஒரு கிராம் தேறும். முட்டைக்குப் பதில் வாழைப்பழம் என்பது வருத்தப்படாமல் இருக்கக் கொடுக்கும் பதில், புரதக் கணக்கில் பதில் இல்லை.

தங்கை மகளுக்கு நான் சொன்னது இது. பையன் முட்டை தொடாவிட்டால் பரவாயில்லை, பருப்பை இரண்டு மடங்காக்கு. 100 கிராம் அரிசிக்கு 30 கிராம் பருப்பு, ஒரு சின்னக் கைப்பிடி. குழைய வேகவை. அதற்குப் பயன் 10.9 கிராம் வருகிறது. கடைசியில் 100 மில்லி பாலைத் தயிராக்கி ஊற்றினால் அது ஒரு 3 கிராம். சேர்த்தால் 13.9. முட்டைத் தட்டும் இதுவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. தயிர் வேண்டாம், முட்டையும் வேண்டாம் என்றால் சாயங்காலம் தோல் நீக்கிய பாசிப்பருப்பில் ஒரு சுண்டல். வெறும் ரசம் சாதத்தில் ஒரு வேளை போனால் ஒன்றும் ஆகாது, வாரம் முழுக்க அதுவே என்றால் என்னிடம் சொல்.

"பையன் ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி சாப்பிட மாட்டானே மாமா" என்றாள். நியாயமான கேள்வி. நான்கு வயதுப் பிள்ளை 50 கிராம் சாப்பிட்டால் பெரிது. அப்போது எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள், ஆனால் பருப்பைப் பாதியாக்காதே என்றேன். கலோரிக்கு ஒரு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விடு என்றும் சொன்னேன். கோபாலன் சொன்னதை மறக்கக் கூடாது அல்லவா. வயிறு நிறையாவிட்டால் இத்தனை லைசினும் விறகுதான்.

கணக்கில் பிழை இருந்தால் தயங்காமல் கீழே எழுதுங்கள். 1994 பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு முதலில் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.